வெட்ஜ் அழுத்தம்: மூச்சுத்திணறல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

மூச்சு வாங்குகிறது என்று சிட்னியிலோ மெல்பனிலோ குடும்ப மருத்துவரிடம் போனால், நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை என்று வரிசையாக நடக்கும். பிறகு எக்கோ. அந்த எக்கோ அறிக்கையில் நுரையீரல் தமனியின் அழுத்தம் கூடியிருக்கிறது என்று ஒரு வரி வந்துவிட்டால், அதையே நோயின் பெயராகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

முதல் காரணம் நுரையீரலின் சிறு ரத்தக்குழாய்களில் இருக்கிறது. அவை தடித்துக் குறுகிவிட்டால், வலது கீழறை கூடுதல் விசையோடு ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணம் அதற்கும் அப்பால், இடது இதயத்தில் இருக்கிறது. இடது கீழறை விறைத்துப்போனாலோ, மைட்ரல் வால்வு சுருங்கினாலோ கசிந்தாலோ, இடது மேலறையில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் நுரையீரல் சிரைகள் வழியாகப் பின்னோக்கி வந்து தமனியையும் உயர்த்திவிடும். முதல் வகைக்குக் கொடுக்கும் குழாய் விரிக்கும் மருந்தை இரண்டாம் வகைக்குக் கொடுத்தால், ஏற்கெனவே நிரம்பித் தத்தளிக்கும் இடது பக்கத்துக்கு இன்னும் ரத்தம் போய்ச் சேரும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால்தான் மருந்தைத் தொடங்கும் முன் எந்தப் பக்கம் என்று அளந்து பார்க்கிறார்கள். எக்கோவால் இதை ஊகிக்க முடியும். அளப்பது வலது இதயக் கதீட்டர் சோதனை.

உடம்பில் நடப்பது இவ்வளவுதான். கேத் லேப் மேசையில் மல்லாந்து படுக்க வைத்து, கழுத்துச் சிரை அல்லது முழங்கை மடிப்பில் உள்ள சிரையின் மேல் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். பெரும்பாலானவர்கள் விழித்தே இருப்பார்கள். சிரைக்குள் ஒரு குறுகிய உறையைச் செருகி, அதன் வழியே நுனியில் சின்ன பலூன் வைத்த மெல்லிய கதீட்டரை நுழைப்பார்கள். 1970இல் ஜெரமி ஸ்வானும் வில்லியம் கான்ஸும் வெளியிட்ட வடிவமைப்பு இது. பலூனில் ஒன்றரை மில்லிலிட்டர் அளவுக்குக் காற்றை ஊதினால், ரத்த ஓட்டமே அதை வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல் தமனி என்று இழுத்துக்கொண்டு போகும். தமனியைத் துளைப்பதில்லை, இதயத்தின் தமனிகளில் அடைப்பு பார்க்கும் ஆஞ்சியோகிராம் வேறு சோதனை. இரண்டையும் ஒரே நாளில் செய்வதும் உண்டு என்பதால், உங்களுக்கு எது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கீழறையைக் கடக்கும்போது சில துடிப்புகள் தாறுமாறாக வரும். நெஞ்சில் படபடப்பாகத் தெரிந்து பெரும்பாலும் அப்போதே அடங்கிவிடும். அனுபவமுள்ள மையங்களில் செய்யப்பட்ட 7,218 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஆய்வில், கடுமையான சிக்கல் வந்தது 1.1 சதவீதச் சோதனைகளில்.

கதீட்டர் நகர நகரத் திரையில் கோடு மாறுகிறது. வலது மேலறையில் தாழ்வான இரண்டு சிறு அலைகள் தெரியும். ஒன்று மேலறை சுருங்குவதால் வருவது, அடுத்தது மேலறை நிரம்புவதால் வருவது. சராசரி அழுத்தம் 2 முதல் 6 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் இயல்பு. வால்வைத் தாண்டிக் கீழறைக்குள் நுழைந்ததும் கோடு செங்குத்தாக எழுந்து, கிட்டத்தட்டச் சுழியம் வரை விழும். நுரையீரல் தமனிக்குள் போனதும் உச்சி மாறாது, ஆனால் அடி உயர்ந்துவிடும். வால்வு மூடிக்கொள்வதால் அழுத்தம் முழுவதும் விழ முடியாது. அந்த இறக்கத்தில் ஒரு சிறு பள்ளமும் தெரியும். தமனியில் சராசரி 14 அளவில் இருப்பது இயல்பு. 20ஐத் தாண்டினால் கூடுதல் என்பது இன்றைய வரையறை. கீழறைக் கோடு விழுந்த வேகத்தில் சட்டென்று எழும்பி மேடைபோல் தட்டையாக நின்றால், இதய உறை இறுகியிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். மூச்சுத்திணறலுக்கு அரிதான காரணம்தான். ஆனால் எக்கோவில் நழுவிப்போய் இங்கே பிடிபடும் காரணங்களில் அதுவும் ஒன்று.

பலூனை இன்னும் உள்ளே போக விட்டால், தமனியின் ஒரு சிறு கிளையில் போய்ச் சிக்கி அதை அடைத்துக்கொள்ளும். அந்தக் கிளையில் ஓட்டம் நின்றுவிடும். வாய்க்காலின் மேல்மடையை அடைத்துவிட்டால், மடைக்குக் கீழே நிற்கும் தண்ணீர் அது போய்ச் சேரும் ஏரியின் மட்டத்துக்கு வந்து நிற்கும் அல்லவா? அதேபோல் பலூனுக்கு அப்பால் நுண்குழாய்களையும் சிரைகளையும் கடந்து இடது மேலறை வரை அசையாமல் நிற்கும் ரத்தம், இடது மேலறையின் அழுத்தத்தைக் கதீட்டரின் நுனிக்குக் கொண்டுவந்து காட்டுகிறது. இடது பக்கத்துக்குள் நுழையாமலே அதை அளந்துவிடுகிறோம். இதுதான் வெட்ஜ் அழுத்தம். அறிக்கையில் PAWP அல்லது PCWP என்று அச்சாகியிருக்கும். இயல்பாக 12க்குள் இருக்கும். 15ஐத் தாண்டினால் இடது இதயத்தில் பிரச்சினை என்று கொள்கிறார்கள்.

தமனியின் சராசரியிலிருந்து வெட்ஜைக் கழித்து, நிமிடத்துக்கு இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் லிட்டர் அளவால் வகுத்தால் நுரையீரல் குழாய்களின் எதிர்ப்பு கிடைக்கும்:

PVR = (mPAP − PAWP) ÷ CO

இதன் அலகு வுட் அலகு. 2க்கு மேல் போனால் குழாய்களிலேயே நோய் இருக்கிறது என்று 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. வெட்ஜ் தவறினால் இந்தக் கணக்கும் தவறும். அதனால் ஒரு எண்ணை ஏற்பதற்கு முன் அது எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். எண்ணைவிடக் கோட்டைத்தான் நான் நம்புவேன்.

முதலில், சுழியம் எங்கே வைக்கப்பட்டது? அழுத்தமானியை நெஞ்சின் நடு மட்டத்தில், அதாவது மார்பெலும்புக்கும் மேசைப் பரப்புக்கும் பாதியில் நிறுத்த வேண்டும். அது பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால், எல்லா அளவுகளும் 7 மி.மீ. அளவுக்குக் கூடிவிடும். 11ஆக இருக்க வேண்டிய வெட்ஜ் 18 ஆகிறது. நோயாளி வேறு வகைக்கே மாறிவிடுகிறார். கழிக்கும்போது இரண்டிலும் அதே பிழை இருப்பதால் எதிர்ப்பின் அளவு மாறாது. வலது மேலறை உட்பட எல்லாமே ஒருசேர உயர்ந்திருப்பதைப் பார்த்தால் முதலில் சுழியத்தைச் சரிபார்ப்பது அதனால்தான்.

அடுத்தது மூச்சு. உள்ளிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. கோடு முழுவதும் கீழிறங்கி மீண்டும் ஏறும். கணினி போடும் சராசரி இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் சேர்த்துக்கொள்ளும். இயல்பாக மூச்சு வெளியேறி முடியும் கணத்தில்தான் எண்ணை எடுக்க வேண்டும். மூச்சைத் தம் பிடித்து முக்கினாலும் அழுத்தம் ஏறிவிடும். "சாதாரணமாக மூச்சு விடுங்கள்" என்று மேசையில் சொல்வது இதற்காகவே. உடல் பருத்தவர்களிடமும் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களிடமும் இந்த ஊசலாட்டம் பெரிதாக இருக்கும். அவர்களுடைய அறிக்கையில் 15 என்ற எல்லைக்கோட்டை ஒட்டிய எண் இருந்தால், அதை இறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, பலூன் உண்மையிலேயே முழுதாக அடைத்ததா? அரைகுறையாக அடைத்தால் வருவது தமனி அழுத்தமும் மேலறை அழுத்தமும் கலந்த கோடு. வெட்ஜ் செயற்கையாக உயர்ந்து காட்டும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கீழே வரும் மெல்பன் நோயாளியிடம் பார்ப்போம். அவரும் அடுத்து வரும் சிட்னிப் பெண்மணியும் விளக்கத்துக்காக உருவாக்கப்பட்டவர்கள். எண்கள் இத்தகைய நோயாளிகளிடம் காணக்கூடியவை.

சிட்னியின் மேற்குப் புறநகரான டூங்காபியில் இருக்கும் 64 வயதுப் பெண்மணி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார். "படி ஏறேக்க மூச்சு வாங்குது, இருந்தா ஒண்டும் இல்லை" என்பது அவருடைய புகார். இன்ஹேலர் கொடுத்துப் பயனில்லை. எக்கோவில் இடது கீழறை 60 சதவீதம் என்று நன்றாகவே சுருங்குகிறது; ஆனால் இடது மேலறை பெரிதாகியிருக்கிறது. தமனியின் உச்ச அழுத்தம் 50 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். காலில் வீக்கம் இருந்ததால் மூன்று வாரமாக ஃபுரூசமைடு மாத்திரை.

மேசையில் ஓய்வாக இருக்கும்போது வலது மேலறை 5. நுரையீரல் தமனி 40/16, சராசரி 24. வெட்ஜ் 13. இதயம் நிமிடத்துக்கு 5.2 லிட்டர் வெளியேற்றுகிறது. 24இலிருந்து 13ஐக் கழித்து 5.2ஆல் வகுத்தால் 2.1. காகிதத்தில் மட்டும் பார்ப்பவருக்கு இது நுரையீரல் குழாய் நோய்: வெட்ஜ் 15க்குக் கீழே, எதிர்ப்பு 2க்கு மேலே.

ஆனால் இந்தப் பெண்மணியின் கதை அதற்குப் பொருந்தவில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக இருக்க, மேலறை பெரிதாகித் தாளமும் தவறும் ஒருவருக்கு இடது கீழறை விறைத்திருப்பதுதான் மிகவும் சாத்தியம். அப்படி விறைத்த கீழறையின் அழுத்தம் ஓய்வில் அடங்கி இருக்கும். மூன்று வாரமாக உடம்பிலிருந்து நீரை இறைத்த பிறகு கேட்கவே வேண்டாம். அவருக்கு மூச்சு வாங்குவது படி ஏறும்போது. அளந்ததோ படுத்திருக்கும்போது.

எனவே கதீட்டரை உள்ளேயே வைத்துக்கொண்டு, படுத்தபடி மிதிக்கும் சைக்கிளில் கால்களைப் பொருத்தி மிதிக்கச் சொல்கிறார்கள். மிகக் குறைந்த சுமையிலேயே சில நிமிடங்களில் மூச்சு முட்டுகிறது. தமனி 68/34, சராசரி 45. வெட்ஜ் 30. வெளியேற்றம் 8.1 லிட்டர். எதிர்ப்பு 1.9ஆகக் குறைந்திருக்கிறது. குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன, அழுத்தம் ஏறியது பெரும்பாலும் இடது பக்கத்திலிருந்து. மிதிக்கும்போது வெட்ஜ் 25ஐத் தொட்டால் இடது இதயச் செயலிழப்பு என்று கொள்வது வழக்கம். உடற்பயிற்சியின்போது மூச்சின் ஊசலாட்டம் பெரிதாகிவிடுவதால், ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், ரத்த வெளியேற்றம் ஒவ்வொரு லிட்டர் கூடும்போதும் வெட்ஜ் எவ்வளவு ஏறியது என்றும் பார்ப்பார்கள். 2க்கு மேல் ஏறினால் இயல்பல்ல. இவருக்கு 2.9 லிட்டருக்கு 17 ஏறியிருக்கிறது. லிட்டருக்குக் கிட்டத்தட்ட 6.

இவருக்கு இனித் தேவை ரத்த அழுத்தத்தையும் இதயத் தாளத்தையும் எடையையும் கட்டுக்குள் கொண்டுவருவதும், இதயச் செயலிழப்புக்கான மருந்துகளும். குழாய் விரிக்கும் விலையுயர்ந்த மாத்திரை அல்ல. மிதிக்காமல் எழுந்து வந்திருந்தால் அந்த மாத்திரைதான் கைக்கு வந்திருக்கக்கூடும்.

இந்த வகைச் செயலிழப்பைக் கதீட்டரும் சைக்கிளுமாகத் துருவிப் பார்த்த இடங்களில் மெல்பனின் ஆல்ஃபிரட் மருத்துவமனை முக்கியமானது. அங்குள்ள இதய மருத்துவர் டேவிட் கேய் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்றில், இரண்டு மேலறைகளுக்கும் இடையே ஒரு சிறு துளைச் சாதனத்தைப் பொருத்தி, இடது மேலறையில் ஏறும் அழுத்தத்தை வலது பக்கம் வடியவிட்டார்கள். வெட்ஜ் ஓய்வில் 15ஐ அல்லது உடற்பயிற்சியில் 25ஐத் தாண்டியவர்களையே சேர்த்தார்கள். 2016இல் வந்த முதல் முடிவுகள் நம்பிக்கை தந்தன. 626 பேரை வைத்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில் மொத்தத்தில் பயன் தெரியவில்லை. மிதிக்கும்போது நுரையீரல் எதிர்ப்பு போதிய அளவு குறையாதவர்களுக்கு அந்தத் துளை தீமையாகவே முடிந்தது. ஏற்கெனவே சிரமப்படும் வலது பக்கத்துக்கு இன்னும் ரத்தம் போய்ச் சேர்ந்தது. வெட்ஜ் உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, குழாய்களின் நிலையும் அதே மேசையில் தெரிய வேண்டும் என்பதை அந்த முடிவு எனக்கு அழுத்தமாகக் காட்டியது.

இப்போது மெல்பன், டான்டினாங்கில் வசிக்கும் 48 வயதுப் பெண். ஸ்க்ளெரோடெர்மா உள்ளவர்; விரல்கள் குளிரில் வெளுத்துப்போகும், தோல் இறுகியிருக்கும். இந்த நோய் நுரையீரல் தமனிகளைத் தாக்கக்கூடியது என்பதால், ஆஸ்திரேலியாவில் இவர்களுக்கு ஆண்டுதோறும் எக்கோவும் நுரையீரல் சோதனையும் செய்து கண்காணிக்கிறார்கள். இந்த ஆண்டு இரண்டிலுமே மாற்றம் தெரிந்ததால் கதீட்டர். தமனி 66/28, சராசரி 41. வெளியேற்றம் 4 லிட்டர். பலூனை ஊதியதும் திரையில் வந்த வெட்ஜ் 24.

அந்த 24ஐ அப்படியே எழுதியிருந்தால் அவருடையது இடது இதய நோய் என்றாகியிருக்கும். ஆனால் கோடு சரியாக இல்லை. உண்மையான வெட்ஜில் தமனியின் கூர்மையான ஏற்றம் மறைந்து, மேலறைக்குரிய மெல்லிய இரண்டு அலைகள் தெரிய வேண்டும். பெரிய அலையின் உச்சி ஈசிஜியின் டி அலைக்குப் பிறகு வர வேண்டும். இங்கே உச்சி டி அலையின் மேலேயே நின்றது. அது தமனியின் துடிப்பு. சந்தேகத்தைத் தீர்க்க, பலூன் ஊதியிருக்கும்போதே நுனியிலிருந்து மெதுவாகச் சிறிது ரத்தம் எடுத்தார்கள். முழுதாக அடைத்திருந்தால் வருவது நுண்குழாய்களைக் கடந்து ஆக்சிஜன் ஏறிய ரத்தம். செறிவு 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வந்தது 76. கதீட்டரைப் பின்னிழுத்து வேறு கிளையில் வைத்து மீண்டும் ஊதியபோது செறிவு 97, வெட்ஜ் 9. இப்போது எதிர்ப்பு 32ஐ 4ஆல் வகுத்து 8 வுட் அலகு. இது நுரையீரல் தமனி நோய். மருந்து வழி முற்றிலும் வேறு.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. மைட்ரல் வால்வு பெரிதாகக் கசிந்தால், ஒவ்வொரு சுருக்கத்திலும் இடது மேலறைக்குள் ரத்தம் பீறிட்டு, வெட்ஜில் இரண்டாவது அலை கோபுரம்போல எழும். அதைத் தமனிக் கோடு என்று எண்ணி, பலூன் அடைக்கவில்லை என நினைத்து, மேலும் மேலும் உள்ளே தள்ளினால் தமனி கிழியும் ஆபத்து உண்டு. அங்கேயும் தீர்ப்புச் சொல்வது அலையின் நேரமும் ரத்தத்தின் செறிவும்தான். ஊரில் சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்தவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தால், இடது கீழறை நன்றாக இருந்தும் வெட்ஜ் உயர்ந்து நிற்கும்.

சோதனைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நீர் மாத்திரை எதை, என்ன அளவில், எப்போதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். வெட்ஜை எப்படிப் படிப்பது என்பதையே அது மாற்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை அன்று எடுப்பதா வேண்டாமா என்பதையும் அந்த மருத்துவமனையிடமே கேளுங்கள். ஈசிஜியில் இடது கட்டுக் கடத்தலில் தடை இருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால் அதைக் கட்டாயம் தெரிவியுங்கள். கதீட்டர் வலது கட்டைத் தட்டினால் அவர்களுக்குத் துடிப்பே தடைப்படக்கூடும். ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் பொது மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்பதிவு செய்யச் சொல்லலாம், கட்டணம் இல்லை. "இப்போது மிதியுங்கள்", "மூச்சை அடக்காதீர்கள்" என்பவை புரியாமல் போனால் அளவே கெட்டுவிடும்.

படி ஏறும்போது மட்டும்தான் மூச்சு வாங்குகிறது என்றால், ஓய்வில் எடுக்கும் அளவு இயல்பாக வந்தால் அன்றே சைக்கிளில் மிதிக்க வைப்பார்களா, அல்லது சிரை வழியே நீரேற்றிப் பார்ப்பார்களா என்று சோதனைக்கு நாள் குறிக்கும்போதே கேளுங்கள். எல்லா கேத் லேபிலும் மிதிக்கும் வசதி கிடையாது. சுமார் அரை லிட்டர் சேலைனை ஐந்து நிமிடத்தில் ஏற்றி, வெட்ஜ் 18ஐ எட்டுகிறதா என்று பார்ப்பது அதற்கு மாற்று.

முடிந்த பிறகு அறிக்கையின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் தமனி நோய்க்கான மருந்துகளுக்கு பி.பி.எஸ். மானியம் பெற இந்த அளவுகளைக் காட்ட வேண்டும்; சிட்னியிலிருந்து மெல்பனுக்கு வீடு மாறினாலும் புதிய மையம் முதலில் கேட்பது இதைத்தான். வெட்ஜ் என்ற எண்ணோடு மூச்சு வெளியேறும் முடிவில் எடுத்ததா, செறிவு பார்த்தார்களா, கோட்டின் அச்சுப்படி இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்ஜ் குறைவாக இருந்து எதிர்ப்பு உயர்ந்திருந்தால், பழைய ரத்தக்கட்டிகள் காரணமா என்று காற்றோட்டமும் ரத்தவோட்டமும் பார்க்கும் வி/கியூ ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேட்பதும் உங்கள் உரிமை. கட்டிகள்தான் காரணம் என்றால் அறுவை சிகிச்சையில் அவற்றை உரித்து எடுக்க முடியும். சிட்னியில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையிலும் மெல்பனில் ஆல்ஃபிரடிலும் அதைச் செய்கிறார்கள்.

ஓய்விலும் மிதிக்கும்போதும் தமனியும் வெட்ஜும் இயல்பாகவே இருந்துவிட்டால், மூச்சுத்திணறலுக்கு இதய அழுத்தம் காரணமல்ல என்று அறிந்ததே பெரிய லாபம். அப்போது ரத்தசோகை, நுரையீரல் திசு, தசைகள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் விதம் ஆகியவற்றைத் தேட வேண்டும். மிதிக்கும்போது வலது மேலறை அழுத்தம் ஏறாமல் மிகத் தாழ்வாகவே நின்றால், சிரைகளிலிருந்து இதயத்துக்குப் போதிய ரத்தம் திரும்பவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு நீர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு வாங்குவது கூடும். சில நேரம் அதை நிறுத்துவதுதான் சிகிச்சை.